மூணாவது பாட்டில்

கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக வந்து உட்காரும் அந்தப் பரிசோதனை அறையில் பெரிய சிஸ்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒரே பேச்சைப் பேசுவாள். "வாந்தியா? நல்லதும்மா. கரு நல்லா ஒட்டியிருக்குன்னு அர்த்தம். காலையில எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பிஸ்கட்டைக் கடிச்சுக்கோ. வயிறு காலியா இருக்க விடாதே, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. நாலு மாசம் ஆனா தானா நின்னுடும். அடுத்தவங்க வாங்க." இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது வாயிலேயே உட்கார்ந்துவிட்டது. கை ஒரு பக்கம் எடைக் கருவியின் முள்ளைப் பார்த்து எழுதும், வாய் ஒரு பக்கம் அதைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் மனசு கரண்ட் பில்லையும் பால் பாக்கெட்டையும் நினைத்துக்கொண்டிருக்கும்.

அவள் சொன்னது பொய் ஒன்றுமில்லை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அப்படித்தான். ஐந்தாறு வாரத்தில் குமட்டல் தொடங்கி, ஒன்பது பத்து வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும். மீதிப் பேரில் யாரோ ஒருத்திக்கு அது இறங்காது. அந்த ஒருத்தி வரிசையில் முப்பத்தேழாவதாக உட்கார்ந்திருந்தால் பெரிய சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும், அதுதானே அவள் வேலை. ஆனால் அந்த ஒருத்தி வரிசையிலேயே உட்காரவில்லை. அவளுடைய சொந்தத் தம்பி வீட்டில், மூன்றாவது மாடியில், பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள அத்தனை லிஃப்டையும் ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தில். அதைச் சொல்லிச் சிரிக்காத உறவுக்காரர் கிடையாது. அவன் பெண்டாட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, எந்தக் கண்ணுக்கு எத்தனை பவர் என்று எழுதித் தருகிற வேலை. அதனால் பெரிய சிஸ்டர் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அம்மா இல்லாத பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் "அண்ணி, அண்ணி" என்று நாத்தனாரின் பின்னாலேயே வருவாள். பெரிய சிஸ்டருக்குப் பிள்ளை குட்டி இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த "அண்ணி" அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது வாரம் போன் வந்தது. "அண்ணி, குக்கர் விசில் அடிச்சாலே குமட்டுது. சோறு வேகற வாசனை ஆகலை."

"நல்ல அறிகுறிடி. எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு" என்றாள் பெரிய சிஸ்டர்.

ஏழாவது வாரம், "அண்ணி, பிஸ்கட்டும் நிக்கலை."

பெரிய சிஸ்டர் தன் பிரிவு டாக்டரிடம் கேட்டு, வாந்திக்கான மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தாள். எட்டாவது வாரம், "அண்ணி, மாத்திரையும் கூடவே வந்துடுது." ஒன்பதாவது வாரம் போனைத் தம்பிதான் எடுத்தான். அவள் பேசினால் வாந்தி வருகிறது, அதனால் பேசுவதில்லை என்றான். கடையில் மருத்துவ லீவு சொல்லியாயிற்றாம்.

அப்போதுதான் பெரிய சிஸ்டர் ஒரு வார்த்தை விட்டாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். "அவளைக் கொஞ்சம் மனசைத் தைரியமா வெச்சுக்கச் சொல்லுடா. உலகத்துல அவ ஒருத்திதான் பிள்ளை பெறப் போறாளா? மனசு பயந்தா வயிறும் பயப்படும்."

தம்பி அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறான், மடையன். கண்ணாடிக்காரி அதற்கப்புறம் வாந்தி எடுக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காமல் எடுக்க ஆரம்பித்தாள்.

பத்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து பெரிய சிஸ்டர் மூன்று மாடி ஏறிப் போனாள். கண்ணாடிக்காரி கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வாயிலிருந்து அழுகின பழத்தின் வாடை அடித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அதில் மஞ்சளும் பச்சையுமாகப் பித்தநீர்.

"எப்ப ஒண்ணுக்குப் போனே?"

"காலையில, அண்ணி. கொஞ்சமா, டீ டிகாக்ஷன் கலர்ல."

எந்தப் பெண் இதைச் சொல்லியிருந்தாலும் பெரிய சிஸ்டர் சீட்டில் சிவப்பு மையால் எழுதி நேராக வார்டுக்கு அனுப்பியிருப்பாள். அந்த அறிவு அவளிடம் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணி. அந்த வராந்தா மருந்து வாசனையை நினைச்சாலே பிரட்டுது. நீங்க இருக்கீங்களே, நீங்களே ஏதாவது பண்ணுங்க" என்றாள். தம்பியும், "ஆமாக்கா, உன்னைவிட அங்க யாரு பெருசாப் பண்ணிடப் போறாங்க?" என்றான்.

இந்தத் தப்பை நர்ஸ் இருக்கிற வீட்டில்தான் பண்ண முடியும். வெறும் ஆட்கள் இருக்கிற வீடாக இருந்தால் பயந்துபோய் ஆட்டோ பிடித்திருப்பார்கள்.

பெரிய சிஸ்டர் கீழே இறங்கி மருந்துக் கடைக்குப் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும், குழாயும், ஊசியும் வாங்கி வந்தாள். திரைச்சீலைக் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டாள். வற்றிப்போன கையில் நரம்பு தேட மூன்று பேர் வேண்டும், அவள் ஒரே குத்தில் ஏற்றினாள். பட்டினி கிடந்த உடம்பு, கொஞ்சம் சர்க்கரை போனால் தெம்பு வரும் என்பது அவள் கணக்கு. எடை பார்க்கவில்லை. வீட்டில் ஏது எடைக் கருவி? சார்ட்டும் போடவில்லை. எத்தனை மணிக்கு ஏற்றினோம், என்ன ஏற்றினோம், எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதாத சின்ன சிஸ்டர்களை நிற்க வைத்துக் காய்ச்சி எடுக்கிறவள், தம்பி வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. வீட்டு விஷயம்தானே.

பாட்டில் பாதி இறங்கியதும் கண்ணாடிக்காரியின் முகத்தில் லேசாக ரத்தம் ஊறியது. எழுந்து உட்கார்ந்து, "தண்ணி குடிக்கலாம்போல இருக்கு" என்றாள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "என் அக்கா கைராசி" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டில் ஏறியது.

திங்கட்கிழமை பெரிய சிஸ்டர் அரை நாள் லீவு போட்டாள். மூணாவது பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கெல்லாம் படியேறினாள். கதவைத் திறந்த தம்பியின் முகம் சரியாக இல்லை. "காலையிலேருந்து ஒரு மாதிரி இருக்காக்கா. கடைச் சாவியைக் குடுத்துட்டேனான்னு நாலு தடவை கேட்டுட்டா. லீவு போட்டு ரெண்டு வாரம் ஆச்சேன்னு சொன்னா, ஓகோங்கறா. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேக்கறா."

"பலவீனம்டா" என்றாள் பெரிய சிஸ்டர். சொல்லிக்கொண்டே கம்பியில் பாட்டிலை மாட்டினாள்.

கண்ணாடிக்காரி பாத்ரூமிலிருந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, தரை ஆடுகிறதுபோல் நடந்து வந்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள். கையை எடுத்தாள். மறுபடியும் மூடினாள்.

"என்னடி பண்றே?"

"ரெண்டு அண்ணி தெரியறீங்க. ஒரு கண்ணை மூடினா ஒரு அண்ணி ஆயிடறீங்க."

"தலை சுத்தல்தான். படு."

"இல்லை அண்ணி." பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் இதில் மட்டும் அவளுக்குக் குழப்பமில்லை. பத்து வருஷம் செய்த வேலை. "இது பவர் இல்லை. பவரா இருந்தா ஒரு கண்ணை மூடினாலும் மங்கலாத்தான் தெரியும். ரெண்டையும் திறந்தா ரெண்டு, ஒண்ணை மூடினா ஒண்ணுன்னு யாராவது வந்தா, நாங்க கண்ணாடி போட மாட்டோம். சும்மாக்கூட போட மாட்டோம். டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம். கண்ணுல கோளாறு இல்லை, உள்ள எங்கயோன்னு சீட்டுல எழுதி அனுப்புவோம்." அதைச் சொல்லி முடித்துவிட்டு, "கடைச் சாவி குடுத்துட்டேனா?" என்றாள்.

பெரிய சிஸ்டர் ஒரு விரலை நீட்டினாள். "இதையே பாரு." விரலை மெல்ல வலது பக்கம் நகர்த்தினாள். கண்மணிகள் விரலோடு போய், ஓரத்தில் நிற்க முடியாமல் படபடவென்று துடித்தன. இடது பக்கம் கொண்டுபோனாள். அங்கேயும் துடித்தன.

அந்தத் துடிப்பை அவள் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள். இந்த ஆஸ்பத்திரிக்கு மாறி வருவதற்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்கள் வார்டில். குடித்துக் குடித்துச் சோறு இறங்காமல் வந்து சேரும் ஆட்களின் கண்கள் இப்படித்தான் ஆடும். இப்படித்தான் காலை அகட்டி நடப்பார்கள், சொன்னதையே சொல்லுவார்கள். அந்த வார்டில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று. பட்டினி கிடந்த ஆளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி ஒன் ஊசி. முதலில் வைட்டமின், அப்புறம்தான் சர்க்கரை. சர்க்கரையை எரிக்க அந்த வைட்டமின் வேண்டும். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தீர்ந்துபோன உடம்பில் சர்க்கரையைக் கொட்டினால், மூளைக்கென்று மிச்சமிருக்கும் துளியையும் அது தின்று தீர்த்துவிடும். இதை அவளே பத்து பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அவள் மண்டைக்குள் அது குடிகாரர்களின் பாடமாகவே கிடந்தது. நாலு வாரமாக வாந்தி எடுக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் உடம்புக்கு, அது குடியால் காலியானதா வாந்தியால் காலியானதா என்ற வித்தியாசம் தெரியாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் கம்பியைப் பார்த்தாள். மூணாவது பாட்டில் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் இன்னும் செருகவில்லை.

"தூக்குடா அவளை" என்றாள் தம்பியிடம்.

"பாட்டில் ஏத்தலையாக்கா?"

"தூக்குன்னு சொன்னேன்."

ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அந்த மத்தியான வேளையில், லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். அவள் அவ்வளவு லேசாக இருந்தது அவனைப் பயமுறுத்தியது. டாக்ஸியில் போகும்போது, "ஒண்ணும் கனக்கலைக்கா, ஒண்ணும் கனக்கலை" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அவசரப் பிரிவில் முதலில் எடை பார்த்தார்கள். நாற்பத்தேழு கிலோ. கர்ப்பத்துக்கு முன்னால் கடையில் காப்பீட்டுக்காக எடுத்த எடை ஐம்பத்து நாலு என்று தம்பி சொன்னான். ஐந்தில் ஒரு பங்கு போனால்தான் ஆபத்து என்றில்லை, நூற்றுக்கு ஐந்து போனாலே வார்டில் சேர்க்க வேண்டியதுதான். இவளுக்கு நூற்றுக்குப் பதிமூன்று போயிருந்தது. நாற்பது பெண்களின் எடையைத் தினமும் எழுதும் கைக்கு இந்த ஒருத்தியை மட்டும் நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லையே என்று பெரிய சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பெரிய சிஸ்டரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டுத்தான் நோயாளியிடம் போனாள். அவளுக்கு உதவியாக நின்றவள் புது சிஸ்டர், பெரிய சிஸ்டரிடம் வேலை பழகினவள்.

"ரொம்ப வறண்டு போயிருக்கு. உடனே டிரிப் போடுங்க" என்றாள் டாக்டரம்மா. "சிஸ்டர், வீட்டுல ஏதாவது குடுத்தீங்களா?"

புது சிஸ்டரின் கை ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே தயாராக இருந்தது குளுக்கோஸ் கலந்த சலைன். பட்டினி கேஸ் என்றால் அதை எடுக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தை அவளுக்கு யார் பழக்கினது என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும்.

தம்பி பக்கத்தில் நின்றான். ஒன்றும் குடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அங்கே யாரும் மறு பேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷத்துப் பேர், பென்ஷனுக்கு மூன்று வருஷம். எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து போனதை மறைக்க வேண்டியதில்லை, அவளும் மனுஷிதான்.

"அதை மாட்டாதே" என்றாள் புது சிஸ்டரிடம். அப்புறம் டாக்டரம்மாவிடம் திரும்பி, வார்டு மாறும்போது கேஸ் ஒப்படைக்கிற குரலிலேயே சொன்னாள். "பத்தரை வாரம். நாலரை வாரமா வாந்தி. மாத்திரை நிக்கலை. சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு, ரெண்டு குளுக்கோஸ் நான் வீட்டுல ஏத்தினேன். பி ஒன் குடுக்கலை. இன்னைக்கு ரெட்டையாத் தெரியுது, கண்ணு ஆடுது, நடை தள்ளாடுது, சொன்னதையே சொல்றா. முதல்ல பி ஒன் போடுங்க டாக்டர். சர்க்கரை இல்லாத சலைன் போடுங்க. பொட்டாசியமும் பாத்துடுங்க."

டாக்டரம்மா கண்ணாடிக்காரியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "பி ஒன், பெரிய டோஸ், நரம்பு வழியா, இப்பவே" என்றாள். புது சிஸ்டர் ஓடினாள். தம்பி அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. புரியாமல் பார்த்தான், அதுதான் அதிகமாகச் சுட்டது.

மருந்து போன மறுநாள் காலை கண்மணிகளின் துடிப்பு பாதி அடங்கியது. மூன்றாம் நாள் ஒரு நாத்தனார் ஒரு நாத்தனாராகவே தெரிந்தாள். ஸ்கேனில் ஒரே ஒரு பிள்ளை, இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வாந்திக்கு ஊசி வழியாக மருந்து போனது. ஐந்தாம் நாள் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே தங்கியது. அதை அந்த வார்டே கொண்டாடியது. நடைதான் சீக்கிரம் சரியாகவில்லை. ஞாபகமும் அங்கங்கே ஓட்டையாக இருந்தது.

வராந்தாவில் ஒரு நாள் பெரிய சிஸ்டர் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "இவ்வளவு ஏன் டாக்டர்? மனசுல ஏதாவது பயமா?"

"மனசாவது மண்ணாவது" என்றாள் டாக்டரம்மா. "நஞ்சுக்கொடியிலேருந்து ஒரு ஹார்மோன் தாயோட ரத்தத்துல வருது. மூளையில வாந்தியைத் தூண்டற இடம் ஒண்ணு இருக்கு, நேரா அங்க போய்த் தட்டுது. எல்லாருக்கும் வருது. ஆனா கர்ப்பத்துக்கு முன்னாடி யார் உடம்புல அது ரொம்பக் கம்மியா இருந்ததோ, அவங்க மூளைக்கு அது பழக்கமே இல்லை. திடீர்னு வெள்ளமா வந்தா தாங்காது. பழகின உடம்பு சமாளிச்சுக்கும். இப்போதைக்குத் தெரிஞ்சிருக்கறதுல இதுதான் முக்கியமான காரணம். பிறவியிலேயே அப்படி அமைஞ்சது, சிஸ்டர். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? ஆனாலும் எல்லாரும் அவளைத்தான் தைரியமா இருன்னு சொல்லுவாங்க."

பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்த கதையைத் தம்பி அவளிடம் சொல்லியிருந்தான்.

பதிமூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது தம்பி அக்காவைத் தனியாக நிறுத்தினான். "அவளுக்கு அந்த ரெண்டு மூணு வாரம் சுத்தமா ஞாபகம் இல்லைக்கா. பாட்டில் ஏத்தினது, மாடி இறங்கினது ஒண்ணும் தெரியலை. நீதான் கண்டுபிடிச்சுக் காப்பாத்தினேன்னு நான் சொல்லிட்டேன். அதுவும் உண்மைதானே. மத்ததைச் சொல்லாதே."

"ஏண்டா?"

"அவளுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு உன்னைத்தான் நம்பியிருக்கா. உன்மேல பயம் வந்துட்டா அவ யார்கிட்ட போவா?"

பெரிய சிஸ்டர் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு அந்த வாய்ப்பு இனித்தது, அதுதான் நிஜம். டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதினாள். விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், வேலை தப்பியது. அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், காகிதத்தோடு முடிந்தது. வீட்டில்தான் முடியாமல் நின்றது. வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். "அண்ணி, இன்னைக்கு ரெண்டு தடவைதான். அண்ணி, நேத்து வாந்தியே இல்லை. நீங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணி?" போனை வைத்த பிறகு பெரிய சிஸ்டருக்குச் சாப்பாடு இறங்காது.

இருபதாவது வாரம் கண்ணாடிக்காரி பரிசோதனைக்கு வந்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தாள், வயிறு லேசாகத் தெரிந்தது. கையில் ஒரு சின்ன நோட்டு. மறந்துபோய்விடுகிறது என்பதால் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்துக்கொள்கிறாள் என்று தம்பி சொல்லியிருந்தான்.

அவளுக்கு முன்னால் ஒரு புதுப் பெண், ஏழு வாரம். "சிஸ்டர், ஒரே வாந்தி" என்றாள்.

பெரிய சிஸ்டரின் வாயில் பழைய பேச்சு தயாராக வந்து நின்றது. அதை அவள் விழுங்கினாள். "என்ன குடிச்சாலும் வெளியே வருதா, கொஞ்சமாவது நிக்குதா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே, என்ன நிறம்? எழுந்து நின்னா கண்ணு இருட்டுதா? வாந்தியில ரத்தம், வயித்து வலி, காய்ச்சல் ஏதாவது?" அவளை எடைக் கருவியில் ஏற்றி, கர்ப்பத்துக்கு முன்னால் எவ்வளவு என்று கேட்டு ஒத்துப் பார்த்தாள். அரை கிலோ குறைவு, நீர் நன்றாகப் போகிறது. "இது சாதாரணம்தாம்மா, பயப்படாதே. ஆனா ஒரு நாள் பூரா தண்ணிகூட நிக்கலைன்னா, எட்டு மணி நேரம் ஒண்ணுக்கே வரலைன்னா, யார் என்ன சொன்னாலும் கேக்காம நேரா இங்க வா. நானே சொன்னாலும் கேக்காதே." புதுப் பெண் சிரித்தாள். பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை.

அப்புறம் கண்ணாடிக்காரி வந்தாள். கருவியின் மேடையில் ஏறும்போது கொஞ்சம் தள்ளாடினாள். ஐம்பத்தொரு கிலோ. எழுதிக்கொண்டதும் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"அண்ணி, அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு இதுல ஒண்ணுமே இல்லை. வெறும் பக்கமா விட்டு வெச்சிருக்கேன். அவரைக் கேட்டா, அக்கா காப்பாத்தினாங்கன்னு ஒரே வரியோட முடிச்சுக்கறார். நீங்க சொல்லுங்க. என்ன நடந்துது?"

தம்பியைப் பற்றி, அவன் சொன்னதைப் பற்றி, பிரசவத்துக்கு இருக்கும் இருபது வாரத்தைப் பற்றி பெரிய சிஸ்டர் யோசித்தாள். எதிரில் இருக்கிறவள் இனி தன்னை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியது அவள்தானே, அந்த உரிமையையும் ஏன் பறிக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். எலுமிச்சம்பழம், மாத்திரை, மனசைத் தைரியமாக வைக்கச் சொன்னது, எடை பார்க்காதது, முதல் பாட்டில், இரண்டாவது பாட்டில், கைப்பையில் கொண்டுவந்த மூணாவது பாட்டில். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் பூசி மெழுகவும் இல்லை.

"மூணாவதை நீங்களே நிறுத்திட்டீங்க இல்லையா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. குரல் கீழே போயிருந்தது.

"இல்லை. மாட்டிட்டேன். நீதான் நிறுத்தினே. கண்ணாடி போட மாட்டோம், டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம்னு சொன்னே. அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

கண்ணாடிக்காரியின் முகத்தில் கோபம் வந்தது. அது வர வேண்டியதுதான் என்று பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசையில் யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"நாளைக்கு எனக்கு இது மறந்துடும்" என்றாள் கண்ணாடிக்காரி கடைசியில். நோட்டை மேஜைமேல் வைத்து நாத்தனார் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதித் தாங்க. தேதி போட்டு, நேரம் போட்டு. நான் எழுதினா உங்களை மன்னிச்சு எழுதிடுவேன்."

பெரிய சிஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வெறும் பக்கத்தின் மேலே சனிக்கிழமையின் தேதியைப் போட்டாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எழுதாமல் விட்ட சார்ட்டை, வரிசை தவறாமல் எழுதத் தொடங்கினாள். கண்ணாடிக்காரி எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.